பாஸ்வேட்டைக் கொடுக்காமல் எடிட்டருக்கு வேலையைக் கொடுப்பது

கேள்வி: நாங்கள் கொக்குவிலில இருந்து அம்மாவின்ர சமையல் சேனல் நடத்திறம். எடிட் பண்ணுற தம்பி வவுனியாவில. இவ்வளவு நாளும் அம்மாவின்ர ஜிமெயில் பாஸ்வேட்டைக் குடுத்துத்தான் வேலை நடக்குது. கனடாவில இருக்கிற அண்ணாவும் அதே பாஸ்வேட்டாலதான் கொமன்ட்டுக்குப் பதில் போடுறார். பாஸ்வேட் குடுக்காமல் இவைக்கு வேலையை மட்டும் குடுக்கேலாதோ? அப்பிடிக் குடுத்தால் என்ன செய்வினம், என்ன செய்ய ஏலாது?

பதில்:

ஏலும். யூடியூப் ஸ்டூடியோவில் இடது பக்கம் கீழே Settings, அதற்குள் Permissions. அங்கே ஒவ்வொருவரையும் அவரவருடைய சொந்த ஜிமெயிலுக்கு அழைத்து, ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுக்கலாம். உங்கள் வீட்டு நிலைமைக்கு என் பரிந்துரையை முதலே சொல்லிவிடுகிறேன். வவுனியாத் தம்பிக்கு, வருமானம் தெரியாத எடிட்டர் பொறுப்பு. அண்ணாவுக்கும் அதுவே போதும், Manager வேண்டாம். உரிமையாளர் அம்மாவின் கணக்கு மட்டும். ஏன் இப்படி என்பதையும், எந்த ஒழுங்கில் செய்தால் வேலை தடைப்படாது என்பதையும் கீழே எழுதுகிறேன்.

பாஸ்வேட்டைக் கொடுத்தபோது எதைக் கொடுத்தீர்கள் என்று முதலில் பாருங்கள். யூடியூபுக்கென்று தனிப் பாஸ்வேட் கிடையாது. அது கூகுள் கணக்கின் பாஸ்வேட். அதற்குள் அம்மாவின் ஜிமெயில் இருக்கிறது, போனில் எடுத்த படங்கள் கூகுள் போட்டோஸில் இருக்கின்றன, தொடர்பு எண்கள் இருக்கின்றன. இவற்றைவிடப் பெரியது ஒன்று உண்டு. அம்மாவின் போனில் வங்கி, பேஸ்புக், மின்கட்டணம் என்று எதற்காவது பாஸ்வேட்டைச் சேமிக்கவா என்று குரோம் கேட்டு, அவர் ஆம் என்று அழுத்தியிருந்தால், அவையும் அதே கணக்கில்தான் கிடக்கின்றன. passwords.google.com என்ற முகவரிக்கு நீங்களே போய்ப் பாருங்கள். எடிட்டர் தன் கணினியில் குரோமுக்குள் அம்மாவின் கணக்கைச் சேர்த்து, sync செய்யவா என்று அது கேட்டதற்கும் சரி கொடுத்திருந்தால், அந்தப் பட்டியல் முழுவதும் வவுனியாவில் ஒரு கணினியில் இருக்கிறது. தம்பி நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கணினியை யார் யார் பாவிக்கிறார்கள், அதில் என்னென்ன நிறுவியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது குறியீட்டு எண் பிரச்சினை. வருமானம் வரும் சேனல்களுக்கு இரண்டு படிச் சரிபார்ப்பு 2021 நவம்பர் முதல் கட்டாயம். ஆகவே எடிட்டர் புதிதாக லொகின் செய்யும் ஒவ்வொரு முறையும் அம்மாவின் போனுக்கு எண் வரும். இரவு பதினொன்றுக்கு வைபரில் "அன்ரி, இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும், ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்பார், அம்மாவும் வாசித்துச் சொல்வார். இது பழகிவிட்டால், நாளைக்கு வேறு யாரோ எடிட்டர் மாதிரிப் பேசி எண் கேட்டாலும் சொல்லிவிடுவார். அனுமதி முறைக்கு மாறினால் எடிட்டரின் குறியீடு எடிட்டரின் போனுக்கே வரும். அம்மாவிடம் யாரும் எண் கேட்க வேண்டிய தேவையே இல்லை. அதன் பிறகு யாராவது கேட்டால் அது கள்ளன் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கலாம்.

அனுமதி கொடுக்கத் தொடங்குமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். சேனல் உண்மையில் அம்மாவின் கணக்கில்தான் இருக்கிறதா? யாழ்ப்பாணத்தில் கனபேருக்குச் சேனலைத் தொடங்கிக் கொடுத்தவர் ஒரு தெரிந்த பெடியனாக இருப்பார். அவர் தன் ஜிமெயிலிலேயே தொடங்கிவிட்டு, பாஸ்வேட்டை உங்களுக்குச் சொல்லியிருப்பார். அப்படியானால் தொழில்நுட்பப்படி உரிமையாளர் அவர்தான், நீங்கள் அவர் வீட்டில் இருக்கிறீர்கள். ஸ்டூடியோவின் Permissions வழியாக உரிமையை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற முடியாது. அதற்குச் சேனலை முதலில் பிராண்ட் கணக்கு என்ற வகைக்கு நகர்த்தி, புதியவரை அதில் உரிமையாளராகச் சேர்த்து, அவர் ஏழு நாள் உரிமையாளராக இருந்த பின்னரே முதன்மை உரிமையாளர் ஆக்க முடியும். அது தனிக் கதை. உங்கள் கேள்வியில் அம்மாவின் ஜிமெயில் என்று எழுதியிருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கணக்கின் மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள். தொடங்கியவரின் பழைய சிம் எண் அங்கே இன்னும் கிடந்தால், அவர் விரும்பும் நாளில் பாஸ்வேட்டை மாற்றிவிடலாம்.

பிராண்ட் கணக்கு என்று சொன்னேன், அதில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் சேனல் ஏற்கெனவே அந்த வகையில் இருந்தால், ஆட்களைச் சேர்க்கும் பழைய முறை ஒன்று தனியாக இருக்கும். அதில் வருமானத்தை மறைத்துக்கொடுக்கும் வசதி இல்லை. கொடுத்தால் மனேஜர், இல்லாவிட்டால் உரிமையாளர் என்ற மாதிரிப் பெரிய அனுமதிகள்தான். Permissions பக்கத்துக்குப் போனதும் நேரடியாக Invite பொத்தான் தெரிந்தால் நல்லது. அதற்குப் பதிலாக அனுமதிகளை ஸ்டூடியோவுக்கு நகர்த்தச் சொல்லி ஒரு செய்தி வந்தால் உங்களுடையது பிராண்ட் கணக்கு. நகர்த்துவதற்கு முன் பழைய பட்டியலில் இருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நகர்த்திய பின் ஸ்டூடியோவின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, தேவையானவர்களைப் புதிதாக அழையுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கலியாண வீட்டு வீடியோ போட வந்தவரின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்து எழும்பி வருவது புதுமையான விஷயம் இல்லை.

இனிப் பொறுப்புகள். Invite அழுத்தினால் வரும் பட்டியலில் Manager, Editor, Subtitle editor, Viewer என்று இருக்கும். இவற்றில் Editor, Viewer இரண்டுக்கும் பக்கத்தில் limited என்று எழுதிய இன்னொரு வரியும் இருக்கும். அந்த limited வரியைத்தான் நான் மட்டுப்படுத்தப்பட்ட எடிட்டர் என்று கீழே குறிப்பிடுகிறேன். சாதாரண எடிட்டருக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் வருமான விவரம் தெரியாது என்பதுதான். வேலை செய்யும் கை இரண்டுக்கும் ஒன்றே.

மட்டுப்படுத்தப்பட்ட எடிட்டர் வீடியோவை ஏற்றலாம், தலைப்பு, விவரணம், தம்ப்நெயில் மாற்றலாம், வெளியிடலாம், நேரலையை நடத்தலாம், வரைவாகக் கிடப்பதை அழிக்கலாம். வெளியான வீடியோவை அழிக்க முடியாது. சேனலை அழிக்க முடியாது. வேறு ஆளைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. யூடியூபோடு ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட முடியாது. சம்பளக் கணக்கான அட்சென்ஸ் வேறு இடத்தில் இருப்பதால், வங்கி விவரத்தை அவர் இந்த வழியால் தொடவும் முடியாது. ஒரு எடிட்டருக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது.

வருமானத்தை மறைக்கச் சொல்வது எடிட்டர் சம்பளம் கூட்டிக் கேட்பார் என்ற பயத்தில் மட்டும் இல்லை. அதுவும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தச் சேனலுக்கு மாதம் இவ்வளவு டொலர் வருகிறது என்று ஒருவருக்குத் தெரிந்தால், பின்னேரத்துக்குள் அது திருநெல்வேலிச் சந்தை வரைக்கும் போய்விடும். அதுவும் உண்மைத் தொகையைவிட இரண்டு மடங்காக. எடிட்டருக்குத் தேவையான புள்ளிவிவரம் வேறு: ஆட்கள் எந்த நிமிடத்தில் விட்டுப் போகிறார்கள், தம்ப்நெயிலை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்பவை. அவற்றை அவர் பார்க்கலாம்.

இந்த முறையின் பெரிய குறையையும் சொல்லவேண்டும். வீடியோவை ஏற்றலாம், ஆனால் வெளியிட முடியாது என்றொரு பொறுப்பு பட்டியலில் கிடையாது. ஏற்ற முடிந்தவர் வெளியிடவும் முடியும். அம்மா பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் வெளிவர வேண்டும் என்பது உங்கள் வழக்கம் என்றால், அதைப் பேசித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். எடிட்டர் ஏற்றியதும், இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய Unlisted ஆக விட்டுவிட்டு, அந்த இணைப்பை வைபரில் அனுப்பட்டும். அம்மா போனில் பார்த்து, ஒடியல் கூழில் எப்போது நண்டு போட்டது, எப்போது புளி கரைத்து விட்டது என்ற ஒழுங்கு எடிட்டில் மாறிவிடவில்லை என்று கண்டபின், ஸ்டூடியோ செயலியில் நீங்களே Public ஆக்குங்கள். இப்படி வைத்தால் இன்னொரு நன்மை உண்டு. வெளியானதை எடிட்டரால் அழிக்க முடியாது என்பதால், பிழையான கோப்பு வெளியாகிவிட்டால் அவர் உங்களை எழுப்பித்தான் ஆக வேண்டும். வெளியிடும் விரல் உங்களுடையதாக இருந்தால் அந்த நடுச்சாம அழைப்பு வராது.

இப்போது அண்ணா. மூத்தவர், கனடாவில் இருக்கிறார், சேனலுக்குக் கமெரா வாங்க உதவியவரும் அவராக இருக்கலாம். "எனக்கு மனேஜர் தாங்கோ" என்று கேட்டால் மறுப்பது சங்கடம். ஆனால் Manager என்பது பெயரைப் பார்த்துக் கொடுக்கும் பதவி இல்லை. மனேஜரால் வெளியான வீடியோக்களை அழிக்க முடியும், வேறு ஆட்களை உள்ளே சேர்க்கவும் நீக்கவும் முடியும். சேனலையே அழிப்பதைத் தவிர உரிமையாளரின் அன்றாட வேலைகளில் பெரும்பகுதி அவர் கையில் இருக்கும். அண்ணாவில் நம்பிக்கை இருப்பது வேறு விஷயம். அவருடைய ஜிமெயில் களவு போனால், அந்தக் கள்ளனும் உங்கள் சேனலில் மனேஜர்தான். அவன் தன் இன்னொரு மின்னஞ்சலை உள்ளே சேர்த்துவிட்டால், அண்ணாவை நீக்கிய பிறகும் அவன் அங்கேயே இருப்பான். ஆகவே மனேஜர் பொறுப்பை, நீங்கள் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் சேனலை நடத்தக்கூடிய ஒருவருக்கு, அதுவும் ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். அந்த ஒருவர் அண்ணாதான் என்றால் கொடுங்கள், ஆனால் அவருடைய ஜிமெயிலிலும் இரண்டு படிச் சரிபார்ப்பு போட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அவர் செய்வது சேனலின் பெயரில் கொமன்ட்டுக்குப் பதில் எழுதுவது என்றால் மட்டுப்படுத்தப்பட்ட எடிட்டர் போதும். பதில் எழுதவே இல்லை, கெட்ட வார்த்தைகளை அகற்றுவது மட்டும்தான் வேலை என்றால் Permissions பக்கமே வேண்டாம். அதே Settings-இல் Community பகுதியில் அவரை moderator ஆகச் சேர்க்கலாம். அதற்குச் சேனலுக்குள் எந்த நுழைவும் தேவையில்லை. அவர் தன் சொந்தப் பெயரிலேயே வருவார், ஸ்டூடியோவைப் பார்க்கவே மாட்டார். மாதம் எவ்வளவு வருகிறது என்று பார்க்க மட்டும் ஆசைப்படும் உறவினருக்கு Viewer. கனடாவில் பிறந்த மருமகள் ஆங்கில வசன வரி எழுதித் தருகிறாள் என்றால் Subtitle editor. அவளால் வசன வரியைத் தவிர வேறெதையும் தொட முடியாது, பிழையாக எதையாவது அழுத்திவிடுவோமோ என்ற பயம் அவளுக்கும் இருக்காது.

அழைக்கும் முறை சுருக்கமானது. கணினியில் studio.youtube.com திறந்து அம்மாவின் கணக்கால் நுழையுங்கள். Settings, Permissions, Invite. மின்னஞ்சலை எழுதுங்கள், பொறுப்பைத் தெரிவு செய்யுங்கள், Done அழுத்துங்கள், ஜன்னலின் அடியில் Save இருந்தால் அதையும் அழுத்துங்கள். Save அழுத்தாமல் ஜன்னலை மூடிவிட்டு, அழைப்பு வரவில்லை என்று எடிட்டரோடு சண்டை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். நடுவில் கூகுள் நீங்கள்தானா என்று மீண்டும் கேட்கலாம், ஆகவே அம்மாவின் போன் பக்கத்தில் இருக்கட்டும்.

எடிட்டர் பக்கத்தில்தான் கூடுதலாகச் சிக்கும். அழைப்பு முப்பது நாளில் காலாவதியாகும், அதற்குள் அவர் மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தி ஏற்க வேண்டும். எந்த முகவரிக்கு அனுப்பினீர்களோ அதே கணக்கால் ஏற்க வேண்டும். எடிட்டர்கள் ஒரே குரோமில் நான்கைந்து ஜிமெயிலை வைத்திருப்பார்கள். அவர் அழுத்தும்போது முதலாவதாக உள்ள வேறு கணக்கில் அது திறந்து, அனுமதி இல்லை என்று சொல்லும். அழைப்பில் பிழை இல்லை, கணக்குத்தான் பிழை. சரியான ஜிமெயில் மட்டும் உள்ள குரோம் புரொபைலில் இணைப்பைத் திறந்தால் சரியாகிவிடும். ஏற்றதும் அவர் யூடியூபில் தன் படத்தை அழுத்தி Switch account போனால், தன் சேனலுக்குக் கீழே அம்மாவின் சேனல் நிற்கும். அதைத் தெரிவு செய்தால் ஸ்டூடியோவும் அந்தச் சேனலாக மாறும். தன் சேனலில் நின்றுகொண்டே உங்கள் வீடியோவை ஏற்றிவிடாமல் இருக்க, ஏற்றுமுன் மேலே வலப்பக்கம் உள்ள படத்தை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று சோதிக்க, எடிட்டரிடம் இரண்டு காரியம் கேளுங்கள். ஒரு பத்து விநாடி வீடியோவை வரைவாக ஏற்றச் சொல்லுங்கள். அது முடிய வேண்டும். பிறகு Analytics திறந்து வருமானப் பகுதி தெரிகிறதா என்று கேளுங்கள். தெரிந்தால் நீங்கள் limited அல்லாத Editor-ஐக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் Permissions பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே உள்ளதை மாற்றினால் போதும், புதிதாக அழைக்கத் தேவையில்லை.

இந்தச் சோதனை முடிந்த பின்னரே பாஸ்வேட்டை மாற்றுங்கள். ஒழுங்கு முக்கியம் என்று சொன்னது இதற்காகத்தான். முதலே மாற்றிவிட்டால் எடிட்டர் வேலையில்லாமல் நிற்பார், அண்ணா போன் எடுப்பார், பிறகு அவசரத்தில் புதிய பாஸ்வேட்டும் வைபரில் போய்விடும். ஆனால் எடிட்டரோடு மனத்தாங்கல் வந்து பிரிகிறீர்கள் என்றால் ஒழுங்கு தலைகீழ். அப்போது பாஸ்வேட்தான் முதல் வேலை, மற்றவை பிறகு.

பாஸ்வேட்டை மாற்றுவது மட்டும் போதாது என்பதைத்தான் கனபேர் விட்டுவிடுகிறார்கள். myaccount.google.com போய் Security பகுதியில் Your devices என்பதைத் திறவுங்கள். அங்கே வவுனியாக் கணினி, ரொறன்ரோ போன், நீங்கள் விற்றுவிட்ட பழைய போன் எல்லாம் வரிசையாக நிற்கும். அடையாளம் தெரியாத ஒவ்வொன்றிலும் Sign out கொடுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்புப் பக்கத்தில், காப்புக் குறியீடுகள் எப்போதாவது எடுத்திருந்தால் அவற்றைப் புதிதாக உருவாக்குங்கள். பழைய பத்து எண்களும் யாரோ ஒருவரின் போனில் ஸ்கிறீன்சொட் ஆக இருக்கலாம். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையதா என்று பாருங்கள். கடைசியாக ஜிமெயில் அமைப்பில் Forwarding என்ற பகுதியைத் திறந்து, அம்மாவின் மின்னஞ்சல் வேறு முகவரிக்குப் போகும்படி யாராவது வைத்திருக்கிறார்களா என்று ஒரு தடவை பாருங்கள். அங்கே தெரியாத முகவரி இருந்தால், பாஸ்வேட்டை எத்தனை தடவை மாற்றினாலும் அம்மாவுக்கு வரும் மடல்களின் பிரதி அங்கே போய்க்கொண்டே இருக்கும்.

இந்த மாற்றம் எதில் உதவும், எதில் உதவாது என்று ஒரு நிலைமையை வைத்துப் பார்ப்போம். சேனல்காரரைக் குறிவைக்கும் பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது. மிளகாய்த்தூள் கொம்பனி, சட்டி பானைக் கொம்பனி என்று சொல்லி விளம்பர வாய்ப்பு ஒன்று மின்னஞ்சலில் வரும். ஒப்பந்தம் இணைப்பில் இருக்கிறது, பதிவிறக்கிப் பாருங்கள் என்று இருக்கும். அதைத் திறந்தால் ஒரு நச்சு நிரல், பிரவுசரில் ஏற்கெனவே லொகின் ஆகியிருக்கும் குக்கியைக் களவெடுத்துக்கொண்டு போய்விடும். லொகின் முடிந்த பின்னான சீட்டு அது. ஆகவே பாஸ்வேட்டும் கேட்காது, போனுக்குக் குறியீடும் வராது. இரண்டு படிச் சரிபார்ப்பு இங்கே தடுக்காது. கிராக் செய்த எடிட்டிங் மென்பொருள் நிறுவிய கணினிக்கு இது வர மின்னஞ்சல்கூடத் தேவையில்லை.

எடிட்டரின் கணினி இப்படிப் போனது என்று வைப்போம். பழைய முறையில் அங்கே திறந்திருந்தது அம்மாவின் கூகுள் கணக்கு. கள்ளன் அம்மாவாகவே நிற்கிறான். பாஸ்வேட்டை மாற்றவும், மீட்பு எண்ணை மாற்றவும், வீடியோக்களை அழிக்கவும் முயல்வான். நீங்கள் கூகுளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு நாட்கணக்கில் காத்திருப்பீர்கள். புதிய முறையில் அங்கே திறந்திருப்பது எடிட்டரின் சொந்தக் கணக்கு. கள்ளனால் உங்கள் வீடியோக்களின் தலைப்பை மாற்ற முடியும், கிரிப்டோ நாணய மோசடி நேரலை ஒன்றை உங்கள் பெயரில் தொடங்கவும் முடியும். அந்த அளவுக்குச் சேதம் வரும், அதைப் பொறுப்புமுறை தடுக்காது. ஆனால் அம்மா வழக்கம்போல உள்ளே போய், Permissions-இல் எடிட்டரின் பெயரை நீக்கிவிட்டால் கதவு சாத்தியாயிற்று. வீடியோக்கள் அழியாமல் இருக்கும், மிச்சம் தலைப்புகளைத் திருத்தும் வேலைதான். எடிட்டரின் சொந்தக் கணக்குக்கு மீட்பு தேவைப்படும், அது அவர் பாடு.

இதே காரணத்தால் அம்மாவின் கணக்கை இனி எடிட்டிங் கணினிகளில் திறக்க வேண்டாம். வீட்டில் நீங்களே சில நேரம் எடிட் செய்வதென்றால், உங்கள் சொந்த ஜிமெயிலுக்கும் எடிட்டர் பொறுப்பைக் கொடுத்து அதால் வேலை செய்யுங்கள். உரிமையாளர் கணக்கு அம்மாவின் போனோடு நிற்கட்டும்.

எடிட்டர் விலகும் நாளில் அவர் பெயரை Permissions-இல் நீக்குவது அரை நிமிட வேலை. பாஸ்வேட்டை மாற்றத் தேவையில்லை, அவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் நேரலை நடத்தியவர் என்றால் இன்னொன்று மிச்சம் இருக்கும். பொங்கலுக்கு முற்றத்தில் இருந்து நேரலை கொடுத்தபோது, ஓபிஎஸ் மென்பொருளில் ஒட்டுவதற்கு stream key என்று ஒரு நீண்ட எழுத்துக் கோவையை அவர் பிரதி எடுத்திருப்பார். அந்தச் சாவி ஆளோடு கட்டப்பட்டதல்ல, சேனலோடு கட்டப்பட்டது. ஆளை நீக்கினாலும் சாவி மாறாது. யார் கணினியில் அது இருக்கிறதோ அந்தக் கணினியால் உங்கள் சேனலை நோக்கிப் படம் அனுப்ப முடியும். வேண்டுமென்றே செய்வது அபூர்வம். அதே சாவியை அழிக்க மறந்துவிட்டு, வேறொருவரின் கலியாணத்தை உங்கள் சேனலுக்கு ஓடவிடுவதுதான் நடக்கக்கூடியது. Live Control Room திறந்து stream key-க்குப் பக்கத்தில் உள்ள Reset அழுத்தினால் பழையது செல்லாது. எடிட்டர் பொறுப்பில் உள்ளவரால் இதைச் செய்ய முடியாது, அம்மாவின் கணக்கால் நீங்கள்தான் செய்ய வேண்டும். அடுத்த பொங்கலுக்கு வரும் புதிய எடிட்டருக்குப் புதிய சாவியைக் கொடுங்கள்.